‘தனியா பேசணும்’: புது மேனேஜர் எல்லோருக்கும் அனுப்பும் அந்த மெயில்

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் 5.40 மணிக்கு என் டீமுக்கு ஒரு மெயில் அனுப்பினேன். என்னை லீட் என்று அறிவித்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. மூன்றே வரி. “எல்லோருக்கும் வணக்கம். அடுத்த வாரத்திலிருந்து வாராவாரம் உங்கள் ஒவ்வொருவரோடும் தனித்தனியாக அரைமணி நேரம் பேச விரும்புகிறேன். இன்வைட் வரும், ஏற்றுக்கொள்ளவும்.” அனுப்பியது ஆங்கிலத்தில், அதில் இன்னும் மொட்டையாக இருந்தது. லேப்டாப்பை மூடிப் பையில் வைத்து, ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வீட்டுக்குப் போனேன், ஏதோ நல்ல காரியத்தைத் தொடங்கிவைத்துவிட்ட நினைப்போடு.

நான் இல்லாத வாட்ஸ்அப் குரூப்பில் அன்று ராத்திரி என்ன ஓடியது என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. (ஒருவர் லீடானதும் அவர் இல்லாத ஒரு குரூப் பிறந்துவிடும். எல்லா டீமிலும் நடப்பதுதான், நானே முன்பு அப்படி இரண்டு குரூப்பில் இருந்திருக்கிறேன்.) முதல் கேள்வி, “யாரைத் தூக்கப் போறாங்க?” அடுத்தது, க்ளையன்ட் பட்ஜெட்டைக் குறைத்துவிட்டதாக யாரோ கேன்டீனில் கேள்விப்பட்ட கதை. ஒரு பெண் சனிக்கிழமை உட்கார்ந்து ரெஸ்யூமேயைத் திருத்தினாராம். டிரெய்னிங் முடித்து வந்து ஐந்து மாதமே ஆன தம்பி, வேலை உறுதியாகவில்லையோ என்று இரண்டு நாள் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லையாம். நான் அந்த வாரக் கடைசியில் நிம்மதியாகத் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் இப்படி ஆனது என்பதற்குப் பெரிய மனோதத்துவம் தேவையில்லை. நம் ஐ.டி. ஆபீஸ்களில் மேனேஜர் ஒருவரைத் தனியாக அறைக்குள் கூப்பிடுவது பெரும்பாலும் நாலே சமயங்களில்தான். அப்ரைசல் ரேட்டிங் சொல்ல, ப்ராஜெக்டை விட்டு அனுப்ப, புகார் வந்திருக்கிறது என்று விசாரிக்க, வேலையை விடுவதாகப் பேப்பர் போட்டவரைத் தடுக்க. ஆக ‘தனியாகப் பேச வேண்டும்’ என்ற சொற்றொடருக்கு ஏற்கெனவே ஓர் அர்த்தம் இருக்கிறது. நான் அனுப்பிய மெயில் அந்த அர்த்தத்தை மாற்ற ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதோடு வெள்ளிக்கிழமை சாயங்காலம். கேட்க நினைத்தவர்களுக்கும் கேட்க ஆள் இல்லை.

இதற்குப் பிறகுதான், இப்படித் தனித்தனியாகச் சந்திக்கும் ஒன்-ஆன்-ஒன் என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். பல கம்பெனிகளில் இது பரவக் காரணமானவர்களில் முக்கியமானவர் இன்டெல்லின் ஆண்ட்ரூ குரோவ். 1983-ல் அவர் மேனேஜ்மென்ட் பற்றி எழுதிய புத்தகத்தில் இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறார். இன்டெல்லின் தொடக்க காலத்தில் எஞ்சினியரிங், உற்பத்தி இரண்டும் அவர் பொறுப்பில் வந்தன. அவருடைய பின்புலமோ ஆராய்ச்சி. கம்பெனியின் முதல் சரக்கான மெமரி சிப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது, ஃபேக்டரி நடைமுறையும் தெரியாது. அதனால் தனக்குக் கீழே வேலை பார்த்த இரண்டு பேரிடம் நேரம் குறித்துக்கொண்டு தனிப்பாடம் கேட்டார். அவர்கள் தயாரித்துக்கொண்டு வந்து சொல்லிக்கொடுப்பார்கள், இவர் நோட்டில் எழுதிக்கொள்வார். கம்பெனி வளர்ந்த பிறகும் அந்தச் சந்திப்புகளின் சாயல் தொடர்ந்தது.

எனக்கு இது பெரிய திருப்பமாக இருந்தது. அதாவது அந்த அறையில் வாத்தியார் கீழே வேலை செய்பவர், மாணவர் மேனேஜர். என்ன பேசுவது என்பதைக் கீழே இருப்பவர்தான் குறித்துக்கொண்டு வர வேண்டும் என்று குரோவ் வற்புறுத்துவதும், முடிந்தால் அவருடைய இடத்துக்கே மேனேஜர் போக வேண்டும் என்று சொல்வதும் இந்த வழியில்தான். நம் ஊருக்கு வரும்போது இந்தச் சாயல் எங்கோ கழன்று விழுந்து, ‘மேனேஜர் உங்களைக் கூப்பிட்டு விசாரிக்கும் நேரம்’ என்ற ஓடு மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. புது மேனேஜர் எழுதும் மெயிலுக்கு உள்ள வேலை, அந்த விட்டுப்போன பாதியைத் திரும்பக் கொண்டுவருவது.

எழுதுவதற்கு முன்னால் ஒரு கணக்கு போட வேண்டும். நான் போடவில்லை, அதனால்தான் முதல் தடவை கவிழ்ந்தேன். என் டீமில் எட்டுப் பேர். வாராவாரம் ஆளுக்கு அரைமணி என்றால் நாலு மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரத்தில் இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றியது. ஆனால் அரைமணிச் சந்திப்பு அரைமணியில் முடிவதில்லை. போவதற்கு முன் போன தடவை என்ன பேசினோம் என்று பார்க்க ஐந்து நிமிஷமாவது வேண்டும். முடிந்த பிறகு, சொன்னதை எழுதிவைக்க, யாருக்காவது உடனே போன் போட, 15 நிமிஷம் வேண்டும். ஆக ஒருவருக்கு 50 நிமிஷம். எட்டுப் பேருக்கு 6 மணி 40 நிமிஷம், கிட்டத்தட்ட ஒரு முழு நாள். புது லீடுக்குத் தன் பழைய கோடிங் வேலையும் பாதி கூடவே இருக்கும், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அமெரிக்க கால் இருக்கும். நடுவில் ஒரு நாளை எங்கே தேடுவது?

முதல் இரண்டு வாரம் வீறாப்பாக ஓட்டினேன். மூன்றாவது வாரம் ரிலீஸ் வந்தது. எட்டில் ஐந்தை நான் ரத்து செய்தேன். ‘இந்த வாரம் ரொம்ப பிஸி, அடுத்த வாரம் பார்ப்போம்’ என்று ஒரே வரி. டீமுக்கு என்னிடம் பேச வேண்டியது அதிகமாக இருந்ததே அந்த வாரம்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஐந்து பேருக்கும் அதிலிருந்து ஒரு செய்தி போனது. வேலை என்று ஒன்று வந்தால் முதலில் விழுவது நம் நேரம்தான் என்ற செய்தி. அதற்கு அடுத்த வாரம் எல்லோரும் வந்தார்கள், எல்லோரும் “எல்லாம் ஓகே” என்றார்கள்.

அதனால் மெயிலில் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று எழுதுவது, நீங்கள் எவ்வளவு நல்ல மேனேஜராக இருக்க ஆசைப்படுகிறீர்கள் என்பதை வைத்து வரக்கூடாது. மோசமான வாரத்திலும் எத்தனை நடத்த முடியும் என்று பார்த்து வர வேண்டும். எல்லோருக்கும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும் என்பதும் இல்லை. குரோவ் சொல்லும் அளவுகோல், அந்தக் குறிப்பிட்ட வேலையில் அந்த ஆளுக்கு எவ்வளவு பழக்கம் என்பது. பத்து வருஷ அனுபவம் உள்ளவரே போன மாதம் புது வேலைக்கு மாறியிருந்தால் அவருக்கு அடிக்கடி தேவை, அதே வேலையில் நாலு வருஷம் ஊறியவருக்கு இடைவெளி விடலாம். என் டீமில் புதியவர்கள் இரண்டு பேருக்கு வாராவாரம், மற்ற ஆறு பேருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று மாற்றினேன். வாரத்துக்கு ஐந்து சந்திப்பு, 4 மணி 10 நிமிஷம். இது தாங்கும்.

நேர அளவில் மட்டும் குரோவோடு கொஞ்சம் சண்டை. குறைந்தது ஒரு மணி நேரம் வேண்டும், குறைவாக இருந்தால் சட்டென்று முடியும் சின்ன விஷயங்களை மட்டுமே பேசுவார்கள் என்கிறார். அவர் சொல்வது சரிதான் என்று அனுபவத்தில் தெரிந்தது. முதல் பத்து நிமிஷம் டிராஃபிக், ரிலீஸ், யாருக்குக் கல்யாணம். உண்மையான விஷயம் 25-வது நிமிஷத்தில், எழுந்து நின்று கதவில் கை வைத்துக்கொண்டு, “ஒண்ணும் இல்ல, சும்மா கேக்கறேன்…” என்று வரும். இருந்தாலும் ஒரு மணி நேரம் என்று இன்வைட் போட்டால் புது டீம் இன்னும் மிரளும். அதனால் அரைமணி என்று எழுதிவிட்டு, அடுத்த 15 நிமிஷத்தை என் கேலண்டரில் காலியாக வைத்துக்கொள்கிறேன். அந்தக் கதவுப்பிடிக் கேள்விக்கு மறுபடி உட்காரச் சொல்ல இடம் இருக்க வேண்டும். எழுதிவைப்பது அன்றைக்குச் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போகும், போகட்டும்.

சரி, மெயிலுக்கு வருவோம். இரண்டரை மாதம் கழித்து, முதல் முயற்சி மெல்லச் செத்துப்போன பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை 10.30 மணிக்கு இரண்டாவது மெயிலை அனுப்பினேன். ‘முதல் தடவை நான் சரியாக நடத்தவில்லை, வாராவாரம் என்று சொல்லிவிட்டுப் பாதியில் விட்டேன்’ என்று ஒரு வரியில் ஆரம்பித்தது. மீதி இது, தமிழில் தருகிறேன்:

> உங்கள் ஒவ்வொருவரையும் தனியாகச் சந்திக்க மறுபடி நேரம் ஒதுக்குகிறேன். இது எட்டுப் பேருக்கும் உண்டு. யாரைப் பற்றியும் புகார் வந்து இதை ஆரம்பிக்கவில்லை. ப்ராஜெக்டில் ஆள் குறைப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ரேட்டிங் பேச வேண்டியிருந்தால் அதற்கென்று தனியாக, முன்பே சொல்லிவிட்டுக் கூப்பிடுவேன்.
>
> காரணம் இதுதான்: பில்லிங் பகுதியிலும் ரிப்போர்ட் பகுதியிலும் நான் நேரடியாக வேலை செய்ததில்லை. அங்கே எது உங்களைத் தாமதப்படுத்துகிறது என்று எனக்குத் தெரியாது. உங்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.
>
> புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு வாரம் ஒருமுறை, மற்றவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அரைமணி நேரம். முதல் சுற்று பெயரின் அகர வரிசையில் வருகிறது, வேறு கணக்கு இல்லை.
>
> என்ன பேசுவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். இன்வைட்டில் ஒரு டாக்குமென்ட் இருக்கும், அதை நீங்களும் நானும் மட்டுமே பார்க்க முடியும். ஒன்றிரண்டு வரி எழுதினால் போதும், எழுதாமல் வந்தாலும் பரவாயில்லை. ஸ்டேட்டஸ் வேண்டாம், அது தினசரி ஸ்டாண்டப் மீட்டிங்கில் வந்துவிடுகிறது. எந்த மொழி வசதியோ அதில் பேசலாம்.
>
> நீங்கள் சொல்வதை உங்களைக் கேட்காமல் வேறு யாரிடமும் கொண்டுபோக மாட்டேன். ஒரு விதிவிலக்கு: ஒருவரின் பாதுகாப்பு, பாலியல் தொல்லை சம்பந்தப்பட்ட விஷயத்தை நான் என்னோடு வைத்துக்கொள்ள முடியாது. அப்போதும் எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதை முதலில் உங்களிடம் சொல்வேன்.
>
> நேரம் ஒத்துவராவிட்டால் நீங்களே நகர்த்துங்கள், காரணம் சொல்ல வேண்டாம். நான் நகர்த்தினால் அதே வாரத்துக்குள் வேறு நேரம் தருவேன். மூன்று மாதம் பார்ப்போம். அப்புறம் தொடரலாமா என்று உங்களிடம் கேட்கிறேன்.

நீளம்தான். மேனேஜர் மெயில் சுருக்கமாக இருக்க வேண்டும் என்பவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். ஆனால் இதில் ஒவ்வொரு வரியும் வாட்ஸ்அப்பில் ஓடிய ஒரு கேள்விக்குப் பதில். அதனால் எதைச் சுருக்கினாலும் அந்தக் கேள்வி திரும்ப முளைக்கும்.

முதல் பத்தியில் மறுப்புகள் வரிசையாக வருகின்றன. இப்படி மறுத்தால் இன்னும் சந்தேகம் வராதா என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். ‘யாரும் பயப்பட வேண்டாம்’ என்று எழுதினால் கண்டிப்பாக வரும், ஏனென்றால் அது எதையும் சொல்வதில்லை, பயம் இருக்கிறது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறது. ‘புகார் வரவில்லை’, ‘ஆள் குறைப்புக்குச் சம்பந்தமில்லை’ என்பவை பொய்யானால் பிடிபடக்கூடிய தகவல்கள். பிடிபடக்கூடிய வாக்கியத்தைத்தான் ஆட்கள் நம்புவார்கள். இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது, அது உண்மையாக இருக்க வேண்டும். அடுத்த மாதம் இரண்டு பேர் ப்ராஜெக்டிலிருந்து ரிலீஸ் ஆகப் போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்த வரியை எழுதாதீர்கள். அந்த மெயிலையே அப்போது அனுப்பாதீர்கள், அது முடியட்டும். ஒருமுறை அறைக்குள் கூப்பிட்டு விஷயத்தைக் கறந்துவிட்டு அடுத்த மாதம் ஆளை ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சுக்கு அனுப்பினார்கள் என்று பெயர் வந்தால், அதற்கப்புறம் அந்த அறையில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ரேட்டிங் விஷயத்தில் ‘நீங்கள் சொல்வது எதுவும் ரேட்டிங்கைப் பாதிக்காது’ என்று நான் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். எழுதியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள், நம்பவும் கூடாது. ரேட்டிங் போடுவது நான், காதில் விழுந்ததை மறக்க எனக்கு வழி இல்லை. நான் தரக்கூடியது இரண்டு கூட்டத்தையும் பிரித்து வைப்பது மட்டும்தான், அதையே எழுதினேன்.

ரகசியம் பற்றிய பத்தியில் புது மேனேஜர்கள் பலர் வழுக்குவார்கள். நான் முதலில் எழுதிய வரைவிலும் ‘இங்கே பேசுவது நமக்குள்ளேயே இருக்கும்’ என்றுதான் இருந்தது, கேட்க நன்றாக இருக்கிறது. அந்த வாக்குறுதியைக் கொடுத்த பிறகு ஒரு பெண் வந்து, இன்னொரு டீம் ஆள் தன்னிடம் நடந்துகொள்ளும் விதத்தைச் சொன்னால் என்ன செய்வீர்கள்? பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இதற்கென்று உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், விசாரிக்க வேண்டியது அந்தக் குழு. லீட் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சமாதானம் பேசி முடிக்கும் விஷயமே இல்லை. பொதுவாகச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்ற காலவரையும் சட்டத்தில் இருக்கிறது. ‘நமக்குள்ளேயே இருக்கும்’ என்ற உங்கள் வாக்கினால் அந்த நாட்கள் கரைந்தால் நஷ்டம் அந்தப் பெண்ணுக்கு. அதனால் எல்லையை முன்கூட்டியே, பேச ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே, மெயிலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்ல வருபவர் அந்த எல்லையைப் பார்த்துவிட்டுப் பேசுவதா வேண்டாமா என்று முடிவு செய்யட்டும்.

அகர வரிசை என்று எழுதியது சிரிப்பாகத் தோன்றலாம். முதல் தடவை நான் காலி நேரம் பார்த்து இஷ்டத்துக்கு இன்வைட் போட்டேன். முதலில் கூப்பிடப்பட்டவர் ஏதோ தப்பு செய்தவர் என்றும், கடைசியில் கூப்பிடப்பட்டவர் முக்கியமில்லாதவர் என்றும் அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். வரிசை என்று ஒன்று இருந்தால் அதைப் படிப்பார்கள். படிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவது சுலபம்.

மொழியைப் பற்றிய வரிக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் டீமில் அந்தப் புதுத் தம்பி விழுப்புரம் பக்கம். மீட்டிங் அறைக்குள் நுழைந்தால் ஆங்கிலம்தான் என்று அவனாகவே வைத்திருந்தான், ஆங்கிலத்தில் அவனுக்கு வருவதெல்லாம் ஸ்டேட்டஸ்தான். ‘முடிஞ்சுது’, ‘முடியல’, ‘நாளைக்கு முடியும்’. அந்த மொழியில் அவனுக்குக் குறை சொல்லத் தெரியாது. ஆந்திராக்காரர் ஒருவர் இருக்கிறார், அவரோடு ஆங்கிலமும் தமிழும் கொஞ்சம் தெலுங்கும் கலந்து ஓடுகிறது, அது பரவாயில்லை.

இனி கேலண்டர். மெயில் முதலில் போக வேண்டும், இன்வைட் அதற்குப் பின்னால், குறைந்தது அரை நாள் கழித்து. இன்வைட் முதலில் போனால், தலைப்பும் நேரமும் மட்டும் தெரியும், பழைய அர்த்தம் ஒட்டிக்கொள்ளும். இன்வைட்டை ஒவ்வொருவருக்கும் தனியாகப் போடுங்கள். அவுட்லுக்கில் `Private` என்று குறித்துவிட்டால், யார் யாரோடு எப்போது என்று மற்றவர்கள் உங்கள் கேலண்டரைத் திறந்து படிக்க முடியாது, நேரம் அடைபட்டிருப்பது மட்டும் தெரியும். தொடர் சந்திப்பாகப் போடும்போது முடிவுத் தேதி கொடுங்கள். முடிவே இல்லாமல் போட்டால் நீங்கள் டீம் மாறிய பிறகும் அது பேய் மாதிரி கேலண்டரில் வந்துகொண்டே இருக்கும். மூன்று மாதம் என்று மெயிலில் சொன்னது போல இன்வைட்டும் மூன்று மாதத்தில் முடிந்தால், தொடரலாமா என்று கேட்கிறேன் என்ற வாக்கு தானாகக் காப்பாற்றப்படும்.

ஆன்சைட்டில் ஒருவர் இருந்தால் ஒரு சின்னப் பொறி இருக்கிறது, அதில் நானே விழுந்தேன். எங்கள் ஆள் லண்டனில். பிப்ரவரியில் நம் 3.30 மணிக்குப் போட்டேன், அவருக்குக் காலை பத்து. மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், நமக்கு அந்த வழக்கம் இல்லை. இன்வைட் என் நேரத்தில் கட்டியிருந்ததால் எனக்கு அதே 3.30, அவருக்கு அது பதினொன்றாகிவிட்டது, பதினொன்றுக்கு அவருக்குத் தினமும் க்ளையன்ட் மீட்டிங். இரண்டு தடவை அவர் வராததை ஆர்வக்குறைவு என்று நினைத்துக்கொண்டேன். அவர் தூரத்தில் இருப்பவர், நகர்த்தச் சொல்லிக் கேட்கவும் தயக்கம். ஆன்சைட் ஆளின் இன்வைட்டை அவருடைய ஊர் நேரத்தில் போட்டால் இது வராது, நகர்வது உங்கள் பக்கமாக இருக்கும்.

எட்டுப் பேரில் ஒருவருக்கு எந்த மெயிலும் சரிப்படாது. டீமில் என்னைவிட நாலு வருஷம் மூத்தவர், லீட் பதவி அவருக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள், நானும்தான். ஆபீஸில் பலரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் நான் அவரை அண்ணா என்றே கூப்பிட்டுப் பழக்கம். முதல் தடவை அவருக்கும் அதே மூன்று வரி மெயில், அதே இன்வைட். வந்தார், உட்கார்ந்தார், சிரித்தார். “எதுக்கும்மா இதெல்லாம், எப்பவும் போல கீழ டீக்கடையில பேசிக்கலாமே” என்றார். பதினோரு நிமிஷத்தில் எழுந்துவிட்டார். அவர் சொன்னதில் கோபம் இல்லை, ஆனால் நேற்றுவரை பக்கத்து சீட்டில் இருந்தவள் கூட்டத்தோடு கூட்டமாகத் தனக்கும் இன்வைட் அனுப்பிவிட்டாள் என்ற இறுக்கம் இருந்தது.

இரண்டாவது தடவை மெயில் போவதற்கு முந்தின நாள் டீக்கடையிலேயே சொன்னேன். “அண்ணா, நாளைக்கு எல்லாருக்கும் ஒரு மெயில் வரும், உங்களுக்கும் வரும். பில்லிங் எனக்கு ஒண்ணும் தெரியாது, உங்ககிட்டதான் கத்துக்கணும். உங்களுக்கு எத்தனை நாளைக்கு ஒருதடவை வேணும்னு நீங்களே சொல்லுங்க.” கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாதம் ஒருமுறை போதும் என்றார். அப்புறம் முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையே வந்தார், ஆனால் முடிவு அவருடையது. டீமில் இப்படி ஓரிருவர் இருப்பார்கள், மேலே வர வேண்டியவர், அல்லது பழைய மேனேஜரோடு மனஸ்தாபத்தில் இருந்தவர். அவர்களுக்கு விஷயம் மெயிலில் தெரியக்கூடாது.

அனுப்பிய பிறகு பதில்களைப் பார்த்து ஒன்றும் தெரியாது. ஆறு பேர் கட்டைவிரல் போட்டார்கள், ஒருவர் ‘நோட்டட்’ என்றார். மூன்று வரி மெயிலுக்கும் இதே பதில்தான் வந்தது. பார்க்க வேண்டிய இடம் அந்த டாக்குமென்ட். முதல் சுற்றுக்கு முன் எட்டில் மூன்று பேர்தான் ஏதாவது எழுதியிருந்தார்கள். மூன்றாவது சுற்றில் எல்லா டாக்குமென்டிலும் வரிகள் இருந்தன, அவற்றில் யார் எழுதிய வரிகள் அதிகம் என்று பார்த்தேன். ஒருவருடையதில் எல்லாமே என் கேள்விகள், அதாவது அந்த ஒரு சந்திப்பு இன்னும் என் விசாரணைதான். இன்னொருவருடையதில் டிக்கெட் நம்பர்கள் வரிசையாக, ஸ்டாண்டப்பில் சொன்னதையே எழுதியிருந்தார். அவருக்கு ‘ஸ்டேட்டஸ் வேண்டாம்’ என்ற வரி போதவில்லை, நேரில் டாக்குமென்டை மூடிவைத்துவிட்டு, போன மாதம் எந்த வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டியிருந்தது என்று கேட்ட பிறகுதான் வேறு பேச்சு வந்தது.

விழுப்புரத்துத் தம்பி முதல் சுற்றுக்கே எழுதியிருந்தான், ஒரே ஒரு வரி, தமிழில். ‘ஞாயிற்றுக்கிழமை ஜாப் ஃபெயில் ஆனா யாருக்கு போன் பண்ணணும்?’ ஏழரை மாதமாக அவனுக்கு இதை யாரும் சொல்லவில்லை. ஃபெயில் ஆனால் வேறு டீமில் இருக்கும் தன் பேட்ச்மேட்டுக்குப் போன் போட்டு இரண்டு பேருமாக ஏதோ செய்து ஓட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சிஸ்டத்தில் தானாக ஓடும் அந்த ஜாப் ஃபெயில் ஆகிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும், பதிலும் எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் எழுந்து அண்ணாவின் சீட்டுக்குப் போனோம். அவர் தன் மொபைலை எடுத்துத் தேடி ஒரு நம்பரைக் காட்டினார். அந்த ஆள் கம்பெனியை விட்டுப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது.